குழந்தையின் முகத்தை வேறு படத்தில் பொருத்திப் பகிர்வதற்கு முன்: பெற்றோர் அறிய வேண்டியவை

குழந்தையின் முகத்தைக் குட்டிக் கண்ணனின் உருவத்திலோ, இளவரசியின் உடையிலோ, திரைப்பட நாயகனின் நடனக் காட்சியிலோ பொருத்தித் தரும் கைப்பேசிச் செயலிகள் இன்று பல உள்ளன. கிருஷ்ண ஜெயந்தி, பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா போன்ற நாள்களில் பெற்றோர் இவ்வாறு உருவாக்கிய படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் முகநூலிலும் பகிர்வது வழக்கமாகிவிட்டது. குழந்தையின் உண்மையான புகைப்படத்தைப் பொதுவெளியில் இடத் தயங்கும் பெற்றோரும் இத்தகைய படத்தைத் தயக்கமின்றிப் பகிர்கின்றனர். ‘இது நிஜப் படம் அல்லவே, உடையும் வேறு, இடமும் வேறு’ என்பது அவர்கள் கூறும் காரணம்.

இந்தக் காரணம் சரியன்று. உடை, உடல், பின்னணி ஆகிய அனைத்தும் மாறினாலும், ஒருவரை இன்னார் என அடையாளம் காட்டும் முகம் மட்டும் மாறாமல் இருக்கும்படிதான் இச்செயலிகள் வடிவமைக்கப்பட்டுள்ளன.

செயலி என்ன செய்கிறது?

பெற்றோர் தெரிவு செய்யும் படத்தில் முகம் எங்கே உள்ளது என்பதைச் செயலி முதலில் கண்டறிகிறது. பின்னர் கண்கள், மூக்கு நுனி, வாயின் ஓரங்கள் ஆகியவற்றின் இடங்களைக் குறித்துக்கொண்டு, சாய்ந்திருக்கும் முகத்தை நேராக்கி வெட்டி எடுக்கிறது. அடுத்ததாக, அந்த முகத்தின் தனித்தன்மையை ஓர் எண்வரிசையாக மாற்றுகிறது. பரவலாகப் பயன்படும் முறைகளில் இவ்வரிசை 512 எண்களைக் கொண்டது. ஒரே மனிதரின் இரு வேறு படங்களிலிருந்து கிடைக்கும் வரிசைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும், வேறு வேறு மனிதரின் வரிசைகள் விலகியும் இருக்கும். இறுதியாக, இவ்வெண்களைக் கொண்டு கண்ணன் படத்தில் உள்ள முகத்தின் மேல் புதிய முகம் வரையப்பட்டு, தோலின் நிறமும் வெளிச்சமும் சரிசெய்யப்படுகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது எண்வரிசையைத்தான். கூட்டத்தில் ஒருவரை அடையாளம் காணும் முகமறி மென்பொருள்களும் இதே வகை எண்வரிசையைக் கொண்டே இயங்குகின்றன. முகமாற்றச் செயலிகள் பலவற்றின் உள்ளே முகமறி மென்பொருள் ஒன்று ஒரு பகுதியாகவே அமைந்துள்ளது. வங்கியின் கடவுச்சொல் வெளியே தெரிந்துவிட்டால் அதை அன்றே மாற்றிவிடலாம். முகத்தை அவ்வாறு மாற்ற இயலாது. குழந்தை வளரும்போது முகம் ஓரளவு மாறும் என்பது உண்மை. ஆயினும் ஆண்டுதோறும் ஒரு படம் வீதம் கிடைத்துக்கொண்டிருந்தால் அம்மாற்றத்தையும் தொடர்ந்து அறிந்துகொள்ள முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு

நான்கு வயது மகனைக் கண்ணனாகக் காண விரும்பும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். முகம் நேராகவும், நல்ல வெளிச்சத்திலும், மறைப்பின்றியும் இருக்க வேண்டும் என்று செயலி கேட்கிறது. அவரது கைப்பேசியில் அப்படி அமைந்த படம், மகன் எல்.கே.ஜி. சேர்ந்த முதல் நாளன்று பள்ளி வாயிலில் எடுத்ததுதான். சீருடையில் பள்ளியின் சின்னம் உள்ளது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் பெயரும் வகுப்பும் உள்ளன. பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகை பாதி தெரிகிறது. கைப்பேசியில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடமும் நேரமும் படக்கோப்பிற்குள் எழுத்தாகப் பதிந்திருக்கும்.

தாய் இந்தப் படத்தைத் தெரிவு செய்கிறார். செயலி முகத்தை மட்டும் பயன்படுத்தினாலும், பல செயலிகளில் முழுப் படமும் நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கிறது. சில நொடிகளில் மயிற்பீலி சூடிய கண்ணன் திரையில் தோன்றுகிறான். தாய் காண்பது இந்தப் படத்தை மட்டுமே. அதில் சீருடையும் இல்லை, அட்டையும் இல்லை. ஆனால் அவர் கையளித்தது பள்ளி வாயிலில் நின்ற மகனின் படத்தை. செயலி முதன்முறை திறக்கப்பட்டபோது ‘அனைத்துப் படங்களையும் அணுக அனுமதி’ என்பதை அவர் அழுத்தியிருந்தால், அந்த ஒரு படம் மட்டுமின்றி கைப்பேசியில் உள்ள மற்றப் படங்களும் செயலிக்குத் திறந்தே கிடக்கின்றன.

பின்பு அவர் கண்ணன் படத்தை முகநூலில் இடுகிறார். “எங்கள் செல்லத்துக்கு இன்று நான்காவது பிறந்தநாளும்கூட” என்று எழுதுகிறார். உறவினர்கள் குழந்தையின் பெயரைச் சொல்லி வாழ்த்துகின்றனர். ஒருவர் ஊரையும் குறிப்பிடுகிறார். முகம், பெயர், பிறந்த தேதி, ஊர் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. இவை அனைத்தையும் தாய் ஒருவரே வெளியிடவில்லை என்பதால், இத்தனை விவரம் வெளியே சென்றதை அவர் உணர்வதும் இல்லை.

நிறுவனத்திடம் சென்ற படம்

படம் அந்த நொடியோடு அழிக்கப்படுமா, ஆண்டுக்கணக்கில் சேமிக்கப்படுமா என்பது செயலியின் நிபந்தனைகளைப் பொறுத்தது. 2019 ஆகஸ்ட் இறுதியில் சீனாவில் ‘ஜாவ்’ என்ற முகமாற்றச் செயலி வெளியாகி, ஓரிரு நாள்களிலேயே அந்நாட்டில் மிக அதிகமாகத் தரவிறக்கப்பட்ட செயலிகளுள் ஒன்றாயிற்று. பயனர் தரும் படங்களை நிரந்தரமாகவும், திரும்பப் பெற முடியாத வகையிலும், பிறருக்கு மாற்றித் தரும் வகையிலும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை அதன் நிபந்தனைகளில் இருந்தது. மக்கள் கடுமையாக எதிர்த்த பிறகே அந்த விதி திருத்தப்பட்டது. நிபந்தனையைப் படித்த சிலர் இல்லாதிருந்தால் அது அப்படியே நீடித்திருக்கும்.

அமெரிக்காவின் ‘எவர்’ செயலி முகமாற்றத்துக்கானது அன்று. புகைப்படங்களைச் சேமித்து வைப்பதற்கானது. பயனர்களின் படங்களைக் கொண்டு அந்நிறுவனம் முகமறி மென்பொருளை உருவாக்கியது என்றும், கணக்கை முடித்துக்கொண்டவர்களின் படங்களையும் அழிக்காமல் வைத்திருந்தது என்றும் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2021-இல், படங்களை மட்டுமின்றி, அவற்றைக் கொண்டு உருவாக்கிய மென்பொருளையும் அழிக்குமாறு ஆணையிடப்பட்டது. கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் படமும் நீங்கிவிடும் என்று நம்புவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். செயலியை நீக்குவது வேறு, கணக்கையும் அதிலுள்ள படங்களையும் நீக்கக் கோருவது வேறு.

நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. ஆனால் முகமாற்றச் செயலியில் படத்தைத் தருபவரே பெற்றோர்தான். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அவரே அழுத்துகிறார். குழந்தையைக் காக்க வைத்த கதவின் சாவி அவர் கையில்தான் உள்ளது.

பகிர்ந்த பிறகு நேரக்கூடியது

பெற்றோர் பெரும்பாலும் அஞ்சுவது தொலைவில் உள்ள அந்நியரை. அவ்வச்சம் தவறன்று, எனினும் அறிந்தவர் வட்டமே பாதுகாப்பானது என்ற எண்ணமும் சரியன்று. 2023 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டின் அல்மெந்திராலேகோ என்ற சிற்றூரில், 20-க்கும் மேற்பட்ட சிறுமியரின் ஆடையற்ற போலிப் படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பரவின. அவர்களுள் 11 வயதுச் சிறுமியரும் இருந்தனர். அவர்கள் சமூக ஊடகத்தில் இட்டிருந்த, முழு உடையில் எடுத்த சாதாரணப் படங்களிலிருந்தே ஒரு செயலியின் உதவியால் அவை உருவாக்கப்பட்டன. செய்தவர்கள் அதே ஊரின் பள்ளி மாணவர்கள். பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் தாய் மகளிர் நல மருத்துவர். அவர் வெளிப்படையாகப் பேசிய பின்னரே மற்றக் குடும்பங்களும் துணிந்து முன்வந்தன. 2024-இல் 15 சிறுவர்களுக்கு நீதிமன்றம் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது.

முகமாற்றப் படம் இடாதிருந்தால் இவ்வாறு நேராது என்று கூற முடியாது. தெளிவான எந்தப் படமும் இத்தகைய தீங்குக்குப் போதுமானது. ஆனால் முகமாற்றத்துக்கென்று பெற்றோர் தேடி எடுத்துத் தருவது நேரான, வெளிச்சமான, மறைப்பற்ற முகத்தையே. தீங்கு செய்ய எண்ணுபவருக்கும் அதே வகைப் படம்தான் தேவைப்படுகிறது.

இங்கு வேறொன்றையும் குறிப்பிட வேண்டும். முகத்தை மட்டும் நாம் தருகிறோம். உடல் வேறு எவருடையதோ. நடனக் காணொளிகளில் அது பெரும்பாலும் வயதுவந்த ஒருவரின் உடல். ஆறு வயதுச் சிறுமியின் முகம் வயதுவந்த நடிகையின் உடையிலும் அசைவிலும் தோன்றும்போது வீட்டார் அதை வேடிக்கையாகக் காண்கின்றனர். அதே காணொளியை வெளியே காணும் எல்லாரும் அப்படிக் காண்பதில்லை. இந்த ஒரு வகையை மட்டும் எவ்விதத் தயக்கமும் இன்றித் தவிர்க்குமாறு கூறுவேன். வீட்டுக் குழுவிலும் வேண்டாம்.

சிகிச்சையில் உள்ள குழந்தைகள்

புற்றுநோய் சிகிச்சையில் முடி உதிர்ந்த குழந்தையை முடியுடன் காண வேண்டும் என்ற ஏக்கத்தில், வார்டில் எடுத்த படத்தையே செயலியில் இட்டு மாற்றிக்கொள்ளும் பெற்றோர் உள்ளனர். அந்த ஏக்கம் எவருக்கும் புரியும். ஆயினும் வார்டில் எடுத்த படத்தில் கையில் கட்டிய பெயர்ப்பட்டை, கட்டிலில் மாட்டிய குறிப்பட்டை, மருத்துவமனைப் பதிவெண், பக்கத்துக் கட்டிலில் உள்ள வேறொரு குழந்தை ஆகிய யாவும் இடம்பெற்றிருக்கக்கூடும். மாற்றிய படத்தில் இவை தெரியாவிட்டாலும் மூலப் படத்துடன் இவையும் வெளியே செல்கின்றன. குழந்தைக்கு என்ன நோய் என்பது அதன் முகத்துடன் இணைந்து ஒரு நிறுவனத்திடம் சேர்கிறது. இப்பெற்றோருக்கு நான் கூறுவது, சிகிச்சைக்கு முன் எடுத்த பழைய படத்தையே அச்சிட்டுக் கட்டிலருகே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான்.

பிளவு உதடு, மாறுகண், பிறவி மச்சம், தீக்காயத் தழும்பு ஆகியவை உள்ள குழந்தைகளின் நிலை இன்னும் நுட்பமானது. இச்செயலிகள் பல்லாயிரம் முகங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. அம்முகங்களுள் பெரும்பாலானவற்றில் இக்குறிகள் இருந்திருக்காது. எனவே புதிய முகத்தை வரையும்போது செயலி பொதுவான முகத்தையே வரைகிறது. தழும்பு மறைந்துவிடும், கண் நேராகிவிடும், பல செயலிகளில் தோலின் நிறமும் வெளுத்துவிடும். எவரும் கேட்காமலே இது நிகழ்கிறது. பள்ளி செல்லும் வயதில் குழந்தை தன்னைப் பிறருடன் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்குகிறது. அந்நிலையில், தன் உண்மைப் படத்தைவிடத் திருத்திய படத்தையே அம்மாவும் அப்பாவும் ஊராருக்குக் காட்டி மகிழ்கின்றனர் என்பதை அது கவனிக்காமல் இருக்காது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தைக்கு இத்தகைய படம் வேறொரு இடரையும் தருகிறது. சிகிச்சைக்குப் பின் தன் முகம் அந்தப் படத்தில் உள்ளது போலவே அமையும் என்று அது எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். உதட்டுப் பிளவை இணைத்தபின் மெல்லிய தழும்பு இருப்பது இயல்பு. அதை முன்னரே குழந்தைக்குச் சொல்லி வைப்பது மருத்துவரும் பெற்றோரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி.

தொலை மருத்துவ ஆலோசனைக்கு அனுப்பும் படங்களைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய செயலிகளிலோ அழகூட்டும் வடிகட்டிகளிலோ சேமித்த படத்தை மருத்துவருக்கு அனுப்ப வேண்டாம். தோல் தடிப்பு, சோகையின் வெளிறல், மஞ்சள் காமாலையின் நிறம் ஆகியவற்றை அவை மறைத்துவிடும். கைப்பேசியின் சாதாரணக் கேமராவில், பகல் வெளிச்சத்தில் எடுத்த படமே பயன்படும்.

செய்தே தீர வேண்டுமெனில்

செயலியின் வேலை கைப்பேசிக்குள்ளேயே நடைபெறுகிறதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, வைஃபையும் அணைந்துள்ளதை உறுதி செய்துகொண்டு, உங்கள் சொந்த முகத்தைக் கொண்டு ஒரு முறை முயன்று பாருங்கள். இணையம் இல்லை என்று கூறிச் செயலி நின்றுவிட்டால், படம் சர்வருக்குச் செல்ல வேண்டியுள்ளது என்று கொள்ளலாம். அதில் குழந்தையின் படத்தை இட வேண்டாம். இணையமின்றி இயங்கினால் இடர் குறைவு. ஆனால் இணையம் திரும்பியபின் படத்தை அனுப்பாது என்பதற்கு அது முழு உறுதி ஆகாது.

படத்தை அணுகும் அனுமதியை ‘தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்’ என்று மாற்றிக்கொள்ளவும். பின்னணியும் சீருடையும் இல்லாதவாறு, வெறும் சுவரின் முன் எடுத்த படத்தைப் பயன்படுத்தவும். உருவான படத்தை அச்சிட்டு வீட்டில் மாட்டுவதற்கும் பொதுவெளியில் இடுவதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்றாலும், அதற்குள் திரைப்பிடிப்பு எடுத்தவரிடம் அது நிலைத்திருக்கும். விவரம் அறிந்த குழந்தையாயின் அதனிடமே கேளுங்கள். வேண்டாம் என்று கூறினால் காரணம் கேட்டு வற்புறுத்த வேண்டாம். தாத்தா, பாட்டி, சித்தி, மாமா ஆகியோரும் தங்கள் கைப்பேசியில் இவ்வாறு செய்வதுண்டு. அவர்களிடமும் முன்கூட்டியே கூறி வைப்பது நல்லது.

படம் தவறாக மாற்றப்பட்டதை அறிந்தால்

குழந்தையின் முகத்தைக் கொண்டு ஆபாசமான படம் உருவாக்கப்பட்டுள்ளது என்று அறிந்தால், ‘இதோ பாருங்கள்’ என்று அதை உறவினருக்கோ பள்ளிக் குழுவுக்கோ அனுப்பக் கூடாது. சான்றுக்காக என்றாலும் அனுப்பக் கூடாது. போக்சோ சட்டத்தின்படி, கணினியால் உருவாக்கப்பட்டு உண்மைக் குழந்தையைப் போலத் தோன்றும் படமும், திருத்தி அமைக்கப்பட்ட படமும் குழந்தை ஆபாசப் படமே. அத்தகைய படத்தை அழிக்காமலும் புகார் அளிக்காமலும் வைத்திருப்பதும், பிறருக்குப் பரப்புவதும் குற்றமாகும்.

படம் இருந்த இணைய முகவரி, பதிவிட்ட கணக்கின் பெயர், கண்ட தேதி, நேரம், அனுப்பியவரின் கைப்பேசி எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளவும். பின்னர் cybercrime.gov.in தளத்தில், பெண்கள் மற்றும் குழந்தைகள் தொடர்பான குற்றங்கள் என்ற பிரிவில் புகார் அளிக்கலாம். பெயரைத் தெரிவிக்காமலும் புகார் செய்ய அங்கு வழி உள்ளது. அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ நேரிலும் அளிக்கலாம். சிறார் உதவி எண் 1098 இரவும் பகலும் இயங்குகிறது.

அதே நாளில், படம் இடப்பட்டுள்ள சமூக ஊடகத்தின் புகார்ப் பகுதியிலும் தெரிவிக்கவும். ஆடையற்ற படங்களையும், ஒருவரைப் போலத் திருத்தி உருவாக்கிய படங்களையும் குறித்துப் பாதிக்கப்பட்டவர் அல்லது அவர் சார்பில் ஒருவர் புகார் அளித்தால், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கூறின. புகாரின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளவும். takeitdown.ncmec.org என்ற இலவசச் சேவையும் உண்டு. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட ஆடையற்ற அல்லது பாலியல் தன்மையுள்ள படங்களுக்கானது அது. படம் உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே செல்வதில்லை. படத்தின் எண்ரேகை மட்டுமே அனுப்பப்படுகிறது. அச்சேவையில் இணைந்துள்ள தளங்கள் அதைக் கொண்டு அதே படத்தைக் கண்டறிந்து நீக்குகின்றன. வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் மறைகுறியீட்டில் அனுப்பிக்கொள்ளும் படங்களை இதனால் தடுக்க முடியாது. ஆகவே இது காவல்துறைப் புகாருக்கு மாற்று அன்று.

இவற்றுக்கெல்லாம் முன்பு குழந்தையிடம் பேச வேண்டும். படத்தில் உள்ளது அதன் உடல் அன்று என்பதையும், அது எத்தவறும் செய்யவில்லை என்பதையும் தெளிவாகக் கூறவும். கைப்பேசியை உடனே பறித்துக்கொண்டால், தண்டனை தனக்குத்தான் என்று குழந்தை எண்ணும். அடுத்த முறை உங்களிடம் சொல்லாது. பள்ளி செல்ல மறுத்தல், காரணம் விளங்காத வயிற்றுவலி, உறக்கமின்மை, உண்ண மறுத்தல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்து வரவும். டெலி மானஸ் எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தன்னைத் துன்புறுத்திக்கொள்வது பற்றியோ சாவது பற்றியோ குழந்தை ஒரு முறை பேசினாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். தனியே விடாமல், அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்து வரவும்.